ஓய்வு பெற்ற பேராசிரியரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்கணும், எப்படி எழுதுவது?

மலைச்சரிவு | ஜனவரி 18, இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து நாற்றங்காலில் வேலை பார்க்கிறேன். 2022-ல் சேலத்தில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. தாவரவியல் முடித்தேன். இப்போது பிரிட்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் இயற்கைப் பாதுகாப்பு எம்.எஸ்சி.க்கு விண்ணப்பிக்கிறேன். இரண்டு பரிந்துரைக் கடிதம் கேட்கிறார்கள். ஒன்று என் தோட்டத்து மேனேஜர் தருகிறார், அதில் சிக்கல் இல்லை. இன்னொன்று கல்லூரியில் பாடம் நடத்தியவர் தர வேண்டும். என் புராஜெக்ட் கைடு மேடம் போன வருஷம் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது அஸ்தம்பட்டி பக்கம் இருக்கிறார். கல்லூரி முடித்தபின் பொங்கல் வாழ்த்து தவிர பேசியதில்லை. கடைசி தேதி மார்ச் 15.

இப்படி எழுதி வைத்திருக்கிறேன், அனுப்பலாமா?

"மதிப்பிற்குரிய மேடம், வணக்கம். நலமா இருக்கிறீர்களா? நான் உங்கள் முன்னாள் மாணவி. மேல்படிப்புக்கு வெளிநாடு போகலாம் என்று இருக்கிறேன். அதற்கு ஒரு ரெக்கமண்டேஷன் லெட்டர் தேவைப்படுகிறது. சீக்கிரம் தந்தால் பெரிய உதவியாக இருக்கும். தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்."

அம்மாபேட்டை_குமரன் | ஜனவரி 18, இரவு 9:40

இதுக்கு இவ்வளவு யோசனையா சகோ? லெட்டரை நீங்களே டைப் பண்ணி, பிரிண்ட் எடுத்து, நேர்ல போய் கையெழுத்து வாங்கிட்டு வந்துடுங்க. எங்க டிபார்ட்மெண்ட்ல எல்லாரும் அப்படித்தான் வாங்கினோம். சாருங்களே "நீயே எழுதிட்டு வாப்பா"ன்னுதான் சொல்லுவாங்க. கவர்ல போட்டு ஒட்டி, ஒட்டின இடத்துல ஒரு கையெழுத்து. முடிஞ்சது.

சங்ககிரி_ராஜா | ஜனவரி 18, இரவு 10:05

ஓய்வு பெற்றவரை ஏம்மா தொந்தரவு செய்யணும்? கல்லூரி ஆபீஸ்லயே கேளுங்க. என் பையனுக்கு நான்தான் அலைஞ்சேன். டி.சி. நகல், மார்க் ஷீட் நகல் வெச்சு எழுதிக் கொடுத்தா நன்னடத்தைச் சான்றிதழ் பிரின்சிபால் கையெழுத்தோட கொடுத்துடுவாங்க. சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாடி போயிடுங்க, அதுக்கு அப்புறம் சீல் வைக்கிற ஆள் சீட்ல இருக்க மாட்டார்.

மலைச்சரிவு | ஜனவரி 18, இரவு 10:20

ராஜா அண்ணா, நன்றி. நன்னடத்தைச் சான்றிதழ் என்னிடம் இருக்கிறது. இவர்கள் கேட்பது வேறு. பாடம் நடத்தியவர், இந்தப் படிப்புக்கு நான் சரிப்படுவேனா என்று தன் கருத்தை எழுத வேண்டும்.

சங்ககிரி_ராஜா | ஜனவரி 18, இரவு 10:31

அப்படியா, சரிம்மா. ஆனா அந்த நகல்களை இப்பவே அட்டஸ்டேஷன் வாங்கி வெச்சுக்குங்க. கடைசி நேரத்துல கெஜட்டட் ஆபீசர் யாரும் கிடைக்க மாட்டாங்க.

பழைய_வாத்தி | ஜனவரி 19, காலை 6:50

நானும் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். இப்படிப்பட்ட கடிதங்கள் நிறைய எழுதியிருக்கிறேன், சிலவற்றை எழுத முடியாது என்றும் சொல்லியிருக்கிறேன். மலைச்சரிவு, உங்கள் வரைவைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒன்று தெரிய வேண்டும். கடிதம் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு எந்த வழியாகப் போகிறது? நீங்களே பி.டி.எஃப். ஆக ஏற்ற வேண்டுமா, அல்லது விண்ணப்பத்தில் மேடத்தின் மின்னஞ்சலைக் கொடுத்தால் அவருக்கே லிங்க் போகுமா? அவர்கள் பக்கத்தை ஒருமுறை நிதானமாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள். மேடத்திடம் என்ன கேட்கப்போகிறீர்கள் என்பதே அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

மலைச்சரிவு | ஜனவரி 19, பகல் 1:15

பார்த்தேன் சார். மேடத்துக்கு நேராக லிங்க் போகும். அவர் அதில் கடிதத்தை ஏற்ற வேண்டும். ஒரு பக்கம் போதும், ஆங்கிலத்தில், தேதியும் கையெழுத்தும் இருக்க வேண்டும், லெட்டர்ஹெட்டில் இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. மின்னஞ்சல் நிறுவனத்தின் முகவரியாக இருக்க வேண்டுமாம், ஜிமெயில் ஏற்க மாட்டார்களாம். மேடத்திடம் இப்போது ஜிமெயில் மட்டும்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பழைய_வாத்தி | ஜனவரி 19, மாலை 7:30

சரி, இப்போது தெளிவாகிவிட்டது. இரண்டு வேலை இருக்கிறது.

முதல் வேலை மேடத்திடம் கேட்பதற்கு முன்னால் முடிக்க வேண்டியது. அந்தப் பல்கலைக்கழகத்தின் அட்மிஷன் அலுவலகத்துக்கு நீங்கள் ஒரு மின்னஞ்சல் போடுங்கள். "எனக்குப் பரிந்துரை தருபவர் ஓய்வு பெற்றவர், கல்லூரி மின்னஞ்சல் இல்லை. அவருடைய சொந்த முகவரியை ஏற்பீர்களா, இல்லையென்றால் என்ன செய்யலாம்?" என்று இரண்டு வரியில் கேளுங்கள். விண்ணப்ப எண்ணையும் போடுங்கள். அவர்களுக்கு இது புதிதல்ல. சில இடங்களில் துறைத்தலைவர் தன் முகவரியிலிருந்து அனுப்பினால் போதும் என்பார்கள், சில இடங்களில் ஓய்வு பெற்ற விவரத்தைக் கடிதத்திலேயே எழுதச் சொல்வார்கள். இதைக் கேட்காமல் மேடத்தைச் சம்மதிக்க வைத்துவிட்டால், அவர் உட்கார்ந்து எழுதிய பிறகு லிங்க் ஏற்க மறுக்கும். அப்புறம் அவரை மறுபடி தொல்லை செய்ய வேண்டியிருக்கும்.

லெட்டர்ஹெட்டையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்றவர் கல்லூரி லெட்டர்ஹெட்டில் எழுதக்கூடாது. வீட்டில் பழைய தாள் நாலு கிடக்கும், எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். வேண்டாம். வெள்ளைத்தாளில் மேலே தன் பெயர், "இணைப்பேராசிரியர் (ஓய்வு)" என்று, எந்தத் துறை, எந்த ஆண்டு வரை பணி, தொலைபேசி, மின்னஞ்சல். அது நேர்மையாகவும் இருக்கும், சரிபார்க்கவும் வசதி.

இரண்டாவது வேலை உங்கள் வரைவு. குறையாக நினைக்காதீர்கள், அதைப் படித்தால் மேடத்துக்கு நீங்கள் யாரென்றே தெரியாது. "முன்னாள் மாணவி" என்று ஒரு கல்லூரி ஆசிரியருக்கு ஆயிரம் பேர் இருப்பார்கள். முகம் ஞாபகம் இருக்கும், பெயர் வராது. பெயர் வந்தால் பேட்ச் வராது. நான் ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தால் முதலில் தேடுவது இந்தப் பிள்ளையை எந்த ஆண்டிலிருந்து, எந்த வகுப்பில் தெரியும் என்பதைத்தான். அடுத்து, இவளைப் பற்றி வேறு யாருக்கும் பொருந்தாத ஒரு சம்பவம் எனக்குத் தெரியுமா என்று யோசிப்பேன். அது கிடைத்துவிட்டால் கடிதம் அரை மணி நேரத்தில் முடியும். கிடைக்காவிட்டால் "நன்றாகப் படிப்பாள், ஒழுக்கமானவள், கடின உழைப்பாளி" என்று முடித்துவிடுவேன். அதைப் படிப்பவர்கள் அப்படியே ஓரம் வைத்துவிடுவார்கள்.

அந்தச் சம்பவத்தை ஞாபகப்படுத்துவது உங்கள் பொறுப்பு. புராஜெக்டில் என்ன செய்தீர்கள்?

மலைச்சரிவு | ஜனவரி 19, இரவு 9:05

நாலு பேர் சேர்ந்து செய்தோம் சார். காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக் மட்டும் நிழலுக்கு இருக்கும் பகுதியையும், பலா, அத்தி மாதிரி நாட்டு மரங்கள் நிற்கும் பகுதியையும் ஒப்பிட்டோம். பத்துக்குப் பத்து மீட்டர் கட்டம் கட்டி மரங்களை எண்ணி, சுற்றளவு எடுத்தோம். அதில் ஒன்று நடந்தது. ஒரே மரத்துக்கு நானும் என் தோழியும் வேறு வேறு அளவு எழுதியிருந்தோம். தேடிப் பார்த்தால், அவள் பள்ளத்துப் பக்கம் நின்று நெஞ்சுயரம் அளந்திருக்கிறாள், நான் மேட்டுப் பக்கம் நின்று அளந்திருக்கிறேன். சரிவில் அது கணிசமாக மாறும். மேட்டுப் பக்கத் தரையிலிருந்து 1.3 மீட்டர் என்று முடிவு செய்து, எல்லா மரங்களையும் மறுபடி அளந்தோம். மேடம் அன்றைக்கு ஃபீல்டு நோட்டில் சிவப்பு மையில் "நல்லது" என்று எழுதினார்கள். அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. அப்புறம் பெயர் தெரியாத செடிகளை அழுத்திக் காயவைத்து, கோயம்புத்தூர் ஹெர்பேரியத்துக்குக் கொண்டுபோய் பெயரை உறுதி செய்து வரச் சொன்னார்கள். நானும் இன்னொரு பொண்ணும் போய் வந்தோம்.

பழைய_வாத்தி | ஜனவரி 19, இரவு 9:20

அம்மா, இதைத்தான் எழுத வேண்டும்! முதல் வரைவில் இதில் ஒரு சொல்கூட இல்லையே. அந்த நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து இணைத்துவிடுங்கள். தன் கையெழுத்தைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிடும்.

அம்மாபேட்டை_குமரன் | ஜனவரி 19, இரவு 10:02

சார், மரியாதையோட கேக்கிறேன். இவ்வளவு விவரம் கொடுத்தா அதுவும் லெட்டரை எழுதிக் கொடுக்கிறதும் ஒண்ணுதானே? பாதி பேருக்கு இங்கிலீஷ்ல எழுத நேரமும் இல்ல, பழக்கமும் இல்ல. எழுதிக் கொடுத்தா சந்தோஷப்படுவாங்க.

பழைய_வாத்தி | ஜனவரி 19, இரவு 10:35

குமரன், நீங்கள் சொல்வதில் பாதி சரி. ஆசிரியருக்கு விவரத் தாள் வேண்டும், அது இல்லாமல் எழுதுவது கஷ்டம். ஆனால் விவரம் வேறு, அபிப்பிராயம் வேறு. "சரிவில் அளவு முரண்பட்டபோது காரணத்தைக் கண்டுபிடித்தாள்" என்பது விவரம், அதை அவள் கொடுக்கலாம். "என் பணிக்காலத்தில் கண்ட சிறந்த மாணவிகளில் ஒருத்தி" என்பது மேடம் மட்டும் சொல்லக்கூடியது. அதையும் மாணவியே டைப் செய்து வைத்தால், மேடம் உண்மையில் அப்படி நினைக்கிறாரா என்பது யாருக்கும் தெரியாமலே போகும்.

நடைமுறைச் சிக்கலும் உண்டு. மாணவர் எழுதிக்கொண்டுவந்த வேர்டு ஃபைலை அப்படியே பி.டி.எஃப். ஆக்கினால், ஃபைலின் விவரத்தில் எழுதியவர் பெயர் என்று மாணவர் பெயரே நிற்கலாம். இரண்டு கடிதங்களும் ஒரே நடை, ஒரே சொற்கள், ஒரே எழுத்துரு என்று வந்தால் படிப்பவர் சந்தேகப்படுவார். ஒட்டிய கவர் விஷயம் தபாலில் அனுப்பிய காலத்தில் சரி. இவருக்கு லிங்க் வழி, கவரே கிடையாது.

ஒருவேளை மேடமே "நீ எழுதிக் கொண்டுவா" என்றால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அப்போது ஒரு பக்கத்துக்குக் குறிப்புகளாக, நடந்தவற்றை மட்டும் எழுதிக் கொடுத்து, "வாக்கியங்கள் உங்களுடையதாக இருக்கட்டும் மேடம்" என்று சொல்லுங்கள்.

அம்மாபேட்டை_குமரன் | ஜனவரி 19, இரவு 10:41

ஃபைல் விவரம் மேட்டர் எனக்குத் தெரியாது சார். ஆனா எங்க டிபார்ட்மெண்ட் சாருகிட்ட "வாக்கியங்கள் உங்களுடையதாக இருக்கட்டும்"னு சொன்னா என்னை வெளிய அனுப்பிடுவார் 😄

ஐந்துரோடு_அகிலா | ஜனவரி 20, காலை 8:15

நான் ரெண்டு வருஷம் முன்னாடி இதே மாதிரி போனவள், இப்போ லீட்ஸ்ல இருக்கேன். எனக்கு நடந்ததைச் சொல்றேன். என் சாருக்கு லிங்க் போன நாள்லேயே ஸ்பாம்ல விழுந்துடுச்சு. அவர் வரலைன்னு நினைச்சு காத்திருந்தார், நான் அவர் ஏத்திட்டார்னு நினைச்சுக் காத்திருந்தேன். கடைசியில என் விண்ணப்பப் பக்கத்தைத் திறந்து பார்த்தா பரிந்துரை "நிலுவையில்"னு இருந்தது. போன் பண்ணி, ஸ்பாம்ல தேடச் சொன்னேன், இருந்தது.

அதனால எந்த முகவரியில இருந்து மெயில் வரும்னு முன்னாடியே அவங்களுக்குச் சொல்லிடுங்க. லிங்க் போன அன்னைக்கே "வந்ததா மேடம்?"னு ஒரு வரி கேட்டுடுங்க. இன்னொண்ணு, சில போர்டல்ல கடிதத்தோட கேள்விகளும் இருக்கும், மாணவர் முதல் அஞ்சு சதவீதத்துல வருவாரா, பத்து சதவீதமா அப்படின்னு. சார் போன்ல பதில் அடிச்சிட்டிருந்தார், பாதியில பக்கம் காலாவதி ஆகிடுச்சு. மறுபடி முதல்ல இருந்து. கம்ப்யூட்டர்ல திறக்கச் சொல்லுங்க, பதிலை வேற ஃபைல்ல அடிச்சு வெச்சுட்டு ஒட்டச் சொல்லுங்க.

ஆமா, எந்த மொழியில எழுதப் போறீங்க மேடத்துக்கு? நான் இங்கிலீஷ்ல எழுதினேன், சார் அதை வெச்சே கடிதத்தை எழுதிட்டார், வசதியா இருந்துச்சுன்னார்.

மலைச்சரிவு | ஜனவரி 20, பகல் 12:40

அக்கா, ஸ்பாம் விஷயத்தைக் குறித்துக்கொண்டேன். மேடம் எங்களிடம் எப்போதும் தமிழில்தான் பேசுவார். அதனால் தமிழில் எழுதுகிறேன், விவரத் தாளை மட்டும் ஆங்கிலத்தில் வைக்கிறேன்.

இன்னொரு கேள்வி. மூன்றாம் செமஸ்டரில் உயிர்வேதியியலில் எனக்கு ஒரு அரியர் இருந்தது, அடுத்த செமஸ்டரிலேயே தேறிவிட்டேன். அதை மேடத்திடம் சொல்லணுமா? அவர் கடிதத்தில் அதைப்பற்றி ஒரு வரி விளக்கமாக எழுதினால் நல்லதா?

பழைய_வாத்தி | ஜனவரி 20, மாலை 6:10

சொல்லிவிடுங்கள். மதிப்பெண் பட்டியலை எப்படியும் அனுப்பத்தானே போகிறீர்கள், அவரே பார்ப்பார். ஆனால் "இதை விளக்கி எழுதுங்கள்" என்று கேட்காதீர்கள். அந்தப் பாடத்தை அவர் நடத்தவில்லை, அதைப்பற்றி அவருக்கு நேரடியாகத் தெரியாது. உங்கள் நோக்கக் கட்டுரையில் நீங்களே ஒரு வரி எழுதலாம்.

ஐந்துரோடு_அகிலா | ஜனவரி 20, மாலை 6:45

இதுல எனக்கு உடன்பாடு இல்ல சார். நாமளே சொன்னா சாக்கு மாதிரி இருக்கும், ஆசிரியர் சொன்னா நம்புவாங்க. என் தோழிக்கு அவ கைடு எழுதினார், நல்லாத்தான் போச்சு.

பழைய_வாத்தி | ஜனவரி 20, மாலை 7:02

அவர் நேரில் பார்த்ததை எழுதியிருந்தால் சரி. கேள்விப்பட்டதை எழுதினால் சரியில்லை. மேடத்தின் முடிவுக்கு விடலாம்.

மலைச்சரிவு | ஜனவரி 21, இரவு 8:50

புதிய வரைவு. அட்மிஷன் அலுவலகத்துக்கு மெயில் போட்டுவிட்டேன், பதில் இன்னும் இல்லை.

"மதிப்பிற்குரிய மேடம்,

வணக்கம். நான் 2019–22 பி.எஸ்சி. தாவரவியல் மாணவி. இறுதியாண்டில் உங்கள் வழிகாட்டலில் ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களின் நிழல் மரங்களைப் பற்றிப் புராஜெக்ட் செய்த நால்வரில் ஒருத்தி. சரிவில் சுற்றளவை மேட்டுப் பக்கத்திலிருந்து மறுபடி அளந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். நீங்கள் கையெழுத்திட்ட ஃபீல்டு நோட்டுப் பக்கத்தை இணைத்திருக்கிறேன். இப்போது ஏற்காட்டில் ஒரு தோட்டத்து நாற்றங்காலில், நாட்டு மரக் கன்றுகள் பிரிவில் வேலை செய்கிறேன்.

பிரிட்டனில் இயற்கைப் பாதுகாப்பு எம்.எஸ்சி.க்கு விண்ணப்பிக்கிறேன். அதற்கு எனக்குப் பாடம் நடத்திய ஒருவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். நீங்கள் தந்தால் மகிழ்வேன். ஆங்கிலத்தில் ஒரு பக்கம் போதும். களப்பணியில் நான் எப்படி வேலை செய்தேன், முதுகலையில் ஆய்வு செய்ய எனக்குத் தகுதி இருக்கிறதா என்பதைப் பற்றி எழுதினால் போதும். என் வேலையைப் பற்றித் தோட்டத்து மேனேஜர் தனியாக எழுதுகிறார்.

நீங்கள் சம்மதித்தால், உங்கள் மின்னஞ்சலுக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு லிங்க் வரும், அதில் கடிதத்தை ஏற்ற வேண்டும். கடைசி தேதி மார்ச் 15. பிப்ரவரி இறுதிக்குள் முடிந்தால், ஏதாவது தடங்கல் வந்தாலும் சரிசெய்ய நேரம் இருக்கும். உங்கள் சொந்த மின்னஞ்சலை ஏற்பார்களா என்று அவர்களிடம் கேட்டிருக்கிறேன், பதில் வந்ததும் சொல்கிறேன்.

மதிப்பெண் பட்டியல், புராஜெக்ட் அறிக்கை, நோக்கக் கட்டுரை, ஒரு பக்க விவரத் தாள் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். மூன்றாம் செமஸ்டரில் ஒரு அரியர் இருந்ததும் பட்டியலில் தெரியும்.

இப்போது உங்களுக்கு வசதிப்படாவிட்டாலும், வேறு யாராவது எழுதினால் பொருத்தமாக இருக்கும் என்று நினைத்தாலும், தயங்காமல் சொல்லுங்கள் மேடம். ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் போன் செய்யலாமா?

அன்புடன்,
(பெயர், பதிவு எண், கைபேசி)"

பழைய_வாத்தி | ஜனவரி 21, இரவு 9:30

நன்றாக இருக்கிறது. கடைசிப் பத்தியை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அரைமனதோடு சம்மதித்து வெதுவெதுப்பாக எழுதிய கடிதத்தைவிட, "வேண்டாம்மா, இன்னாரிடம் கேள்" என்பதே உங்களுக்கு நல்லது. ஒரே ஒரு திருத்தம். இணைப்புகளை ஐந்து ஃபைலாக அனுப்பாமல், ஒன்று சேர்த்து உங்கள் பெயரும் பேட்ச்சும் ஃபைல் பெயராக வையுங்கள். "scan0042.pdf" என்று எனக்கு வந்தவற்றைத் தேடிச் சலித்திருக்கிறேன்.

சங்ககிரி_ராஜா | ஜனவரி 22, காலை 7:15

நேர்ல போகும்போது வெறுங்கையோட போகாதீங்க. அரை கிலோ காப்பித் தூளாவது எடுத்துட்டுப் போங்க, ஏற்காட்டுல இருந்து வர்றீங்க.

ஐந்துரோடு_அகிலா | ஜனவரி 22, காலை 9:00

கடிதம் எழுதுறதுக்கு முன்னாடி வேண்டாம் அண்ணா. லிங்க் எல்லாம் முடிஞ்ச பிறகு, ரிசல்ட் சொல்லப் போகும்போது கொண்டுபோகட்டும். முன்னாடியே கொடுத்தா அவங்களுக்கே சங்கடம்.

சங்ககிரி_ராஜா | ஜனவரி 22, காலை 9:12

ஆசிரியர் வீட்டுக்குப் பழம் வாங்கிட்டுப் போறதுல என்னம்மா சங்கடம்? எங்க காலத்துல அப்படித்தான்.

மலைச்சரிவு | ஜனவரி 27, இரவு 9:45

அப்டேட். மேடத்துக்கு மெயில் அனுப்பி, ஞாயிறு காலை போன் செய்தேன். எடுத்ததும் "மேட்டுப் பக்கம் அளந்த பொண்ணுதானே" என்றார். எழுதுகிறேன் என்று சொன்னார், ஆனால் களப்பணியைப் பற்றி மட்டும்தான் எழுதுவாராம். ஆய்வுத் தகுதியைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல, நான் தனியாக எழுதிய ஏதாவது ஒன்றைப் படிக்க வேண்டுமாம். புராஜெக்ட் அறிக்கை நால்வரும் சேர்ந்து எழுதியதால் அதை வைத்துச் சொல்ல முடியாது என்றார். நாற்றங்காலில் நான் மட்டும் எழுதிய முளைப்புத்திறன் குறிப்பு ஒன்று இருக்கிறது, அதை அனுப்பியிருக்கிறேன். அரியரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அட்மிஷன் அலுவலகத்திலிருந்தும் பதில் வந்தது. சொந்த மின்னஞ்சலை ஏற்பார்களாம், ஆனால் மேடம் அங்கே வேலை பார்த்ததைக் கல்லூரி ஒரு வரியில் உறுதி செய்ய வேண்டுமாம். அதற்கு இப்போதைய துறைத்தலைவரிடம் கேட்கணும். அவர் எனக்குப் பாடம் எடுக்கவில்லை, என்னைத் தெரியவே தெரியாது. நான் நேராக எழுதலாமா, மேடம் மூலமாகப் போகலாமா?

பழைய_வாத்தி | ஜனவரி 28, காலை 6:30

மேடத்திடம் முதலில் சொல்லுங்கள். அவர் ஒரு வார்த்தை போனில் சொன்ன பிறகு நீங்கள் எழுதினால் வேலை ஒரே நாளில் முடியும். துறைத்தலைவரிடம் கேட்பது மேடம் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை பணியில் இருந்தார் என்ற உறுதி மட்டும்தான் என்பதை முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள். உங்களைப் பற்றி ஏதாவது எழுதச் சொல்கிறீர்கள் என்று நினைத்தால் அவர் தள்ளிப்போடுவார்.

அம்மாபேட்டை_குமரன் | ஜனவரி 28, காலை 10:20

துறைத்தலைவரையாவது நேர்ல போய்ப் பாருங்க சகோ. மெயில் போட்டா செமஸ்டர் முடியும்போதுதான் திறப்பாங்க. இதுல என் அனுபவத்தை நம்பலாம்.

மலைச்சரிவு | ஜனவரி 28, பகல் 1:05

மேடத்திடம் பேசிவிட்டேன், அவர் சொல்லி வைக்கிறார். வியாழன் விடுப்பு போட்டு முதல் பஸ்ஸில் கீழே இறங்குகிறேன், கையில் ஒரு பக்கக் கோரிக்கையோடு. ராஜா அண்ணா, சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாடியே போய்விடுகிறேன்.